வெள்ளைத் தாளில் வாங்கிய கையெழுத்து

*கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். மாதம் ஆளுக்கு 200 ரூபாய் சேமிப்பு, இரண்டாவது ஞாயிறு கூட்டம். தீர்மான நோட்டு எழுதுவது நான்தான். மாமனார் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு கூட்டம் எழுதவில்லை. ஏப்ரல் கடைசியில் ஆடிட். ஆகஸ்டில் ஒருவருக்கு 20,000 கடன் கொடுத்தோம். ஒரு ரூபாய் வட்டியா ஒன்றரையா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கையெழுத்துக்குப் பிரச்சினை இல்லை, ஆறு வெள்ளைப் பக்கத்திலும் எல்லாரிடமும் அப்போதே வாங்கி வைத்துவிட்டோம். ஊக்குநர் என் ஓரகத்தி. "குடும்பப் பேர் கெடக்கூடாது, எதையாவது எழுதி நிரப்பு" என்கிறார். எப்படி எழுதுவது?*
*— பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்*

கையெழுத்துக்குப் பிரச்சினை இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற பெரிய பிரச்சினையே அதுதான், அம்மா. ஆறு மாதம் எழுதாமல் விட்டது தவறு. அதைச் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் எழுதாத பக்கத்தின் அடியில் பதினொரு பெண்களிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறீர்கள். அவர்களில் சிலருக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வராமல்கூட இருக்கலாம். தனக்குத் தெரிந்த அந்த நான்கெழுத்தை உங்களை நம்பிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதன் மேலே நீங்கள் இன்று என்ன எழுதினாலும், அவர்கள் பார்க்காத ஒன்றை அவர்கள் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். குடும்பப் பேரைக் காப்பாற்ற அடுத்த வீட்டுப் பெண்ணின் கையெழுத்தை எடுத்துக்கொள்ள உங்கள் ஓரகத்திக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

மாமனாரைப் பார்த்துக்கொண்டது உங்கள் கடமை. அந்த ஆறு மாதமும் நோட்டை வேறொருவர் கையில் கொடுத்திருக்க வேண்டியதும் உங்கள் கடமைதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது.

நிரப்பி எழுதினால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்காதீர்கள். பக்கத்தின் அடியில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தால், மேலிருந்து எழுதிக்கொண்டு வருகிறவருடைய எழுத்து கடைசி நான்கைந்து வரியில் சின்னதாகி நெருங்கும், அல்லது இடத்தை அடைக்க அகலமாகிப் பரவும். கையெழுத்தின் கொம்பு மேலே நீண்டிருக்கிற இடத்தில் வரி ஒதுங்கிப் போகும். ஆறு மாதத்துக்கும் ஒரே பேனா, ஒரே வேகம். நோட்டுகளைப் புரட்டியே பழகிய கணக்குத் தணிக்கையாளருக்கு இது போதும். அதற்குப் பிறகு அவர் உங்கள் குழுவின் உண்மையான பக்கங்களையும் நம்ப மாட்டார்.

அதனால் முதல் வேலை அந்த ஆறு பக்கம். கிழிக்காதீர்கள், பக்க எண் விட்டுப்போனால் அது இன்னும் பெரிய சந்தேகம். ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்து, "ரத்து. கூட்டப் பதிவு எழுதும் முன் கையெழுத்து மட்டும் பெறப்பட்ட பக்கம். பயன்படுத்தப்படவில்லை" என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, நீங்களும் ஊக்குநரும் கையெழுத்திடுங்கள். விட்டுப்போன ஆறு கூட்டத்தின் பதிவும் மார்ச் கூட்டத்துக்கு அடுத்த பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். எந்த நாளில் எழுதுகிறீர்களோ நோட்டில் அந்த நாளுக்குரிய இடத்தில்தான் அது இருக்கலாம்.

எழுத உட்காரும் முன் துண்டுத் தாள்களைச் சேருங்கள். வங்கிப் பாஸ்புத்தகம், பணம் கட்டிய சலான் அடிக்கட்டை, 12 பேரின் தனிநபர் பாஸ்புத்தகம், வருகைப் பதிவேடு, கடன் கேட்டு எழுதிய மனு, குழுவின் வாட்ஸ்அப் செய்திகள், யாராவது தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் கிறுக்கி வைத்த கணக்கு. பணம் எடுக்க வங்கிக்குத் தீர்மான நகல் கொடுத்திருந்தால் கிளையில் போய் அதன் நகலைக் கேளுங்கள். கூட்டத்தின் முடிவு ஆகஸ்டிலேயே எழுதப்பட்ட தாள் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்: அதில் இருக்கிற கையெழுத்துகள் எழுதிய பிறகு போட்டவையா, அதுவும் முன்கூட்டியே வாங்கியதா? முன்கூட்டி வாங்கியது என்றால் அதையும் தணிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

நினைவைக் கேட்பது கடைசியில். கேட்கும்போது எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். உங்கள் ஓரகத்தி "ஒன்றரைதானே?" என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு அதுவே பதினொரு பேரின் நினைவாகிவிடும். தனித்தனியாக, பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல் கேட்டு, சொன்னவர் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். தேதி கேட்டால் யாருக்கும் வராது. நாளைப் பிடிக்க வேறு கொக்கி வேண்டும். செப்டம்பர் 8 கூட்டம் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். டிசம்பர் 8 கூட்டம் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒரு வாரத்துக்குப் பிறகு. உங்கள் மாவட்டத்தில் அந்த வெள்ளத்தை யார் மறந்திருப்பார்கள்? "அந்தப் பேச்சு வெள்ளத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டால் பதில் வரும். அந்த வாரம் கூட்டமே நடக்காமல் இருந்திருந்தால் அதுவும் அப்போது வெளியே வரும். நடக்காத கூட்டத்துக்குப் பதிவு எழுதி வைப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற தவறு.

இனி வட்டி. கடன் ஆகஸ்டில் கொடுத்திருக்கிறீர்கள், முதல் தவணை செப்டம்பரில் வந்திருக்கும். செப்டம்பர் 9ல் வங்கியில் கட்டிய தொகை 4,600 என்று பாஸ்புத்தகம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு 2,400 போக மீதி 2,200. அக்டோபர் 14ல் கட்டியது 4,580 என்றால் சேமிப்பு போக 2,180. அசல் மாதம் 2,000 என்றால் முதல் மாத வட்டி 200, அது 20,000க்கு ஒரு ரூபாய் வட்டி. இரண்டாம் மாதம் 180, அது மீதி 18,000க்கு அதே ஒரு ரூபாய் வட்டி. ஒன்றரை ரூபாய் என்றால் 300ம் 270ம் வந்திருக்க வேண்டும். கடன் வாங்கியவரின் தனிப் பாஸ்புத்தகத்திலும் இதே தொகைகள் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் எது தீர்ந்தது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒரு ரூபாய் வட்டி வசூலானது என்பது தீர்ந்தது. ஒரு ரூபாய் என்று கூட்டத்தில் முடிவானது என்பது தீரவில்லை. ஒன்றரை என்று முடிவு செய்துவிட்டு ஒன்று என்று வசூலித்திருக்கலாம். ஆகஸ்டில் 2,400க்குப் பதில் 2,200 கட்டியிருந்தால் ஒருவர் சேமிப்புக் கட்டவில்லை என்று தெரியும். அவர் கூட்டத்துக்கு வரவில்லை என்று அதிலிருந்து எழுத முடியாது. அதற்கு வருகைப் பதிவேடு வேண்டும். அதுவும் வெள்ளையாக விட்டிருந்தால், வந்தவர்கள் யார் என்று தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

பதிவு இப்படி இருக்கலாம்:

> *11.08.2024 கூட்டம் பற்றிய பிற்பதிவு. எழுதிய நாள் 10.04.2025. இது கூட்டம் நடந்தபோது எழுதிய பதிவு அல்ல. கீழே குறிப்பிட்ட ஆவணங்களையும் உறுப்பினர்களின் நினைவையும் கொண்டு எழுதப்பட்டது.*
>
> *ஒருவருக்கு 20,000 கடன்: 14.08.2024ல் காசோலை மூலம் எடுக்கப்பட்டது (வங்கிப் பாஸ்புத்தகம், இணைப்பு 1). கடன் இந்தக் கூட்டத்தில் முடிவானது என்று ஏழு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.*
>
> *வட்டி: நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் வசூலாகியுள்ளது (இணைப்பு 1, 4). கூட்டத்தில் முடிவான விகிதம் ஒரு ரூபாய் என்று நான்கு பேரும் ஒன்றரை என்று மூன்று பேரும் சொல்கிறார்கள். உறுதி செய்ய முடியவில்லை.*
>
> *முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்: தெரியவில்லை.*

கை பழக்கத்தில் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று வந்துவிடும். விடாதீர்கள். யாரும் மறுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியாது. கூட்டம் மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது, நன்றியுரையுடன் முடிந்தது என்பதும் வேண்டாம். அப்படிப்பட்ட வரிகள் வந்தால் அன்றே எழுதிய பதிவு போல ஒரு தோற்றம் வந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் கேள்வி ஒன்றுதான்: இது எனக்கு எதிலிருந்து தெரியும்? காகிதம் என்றால் இணைப்பு எண். நினைவு என்றால் எத்தனை பேர். ஊகம் என்றால் அந்த வரியே வேண்டாம். ஏடிஎம் சீட்டு இருந்தால் உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அந்தத் தாளில் எழுத்து மங்கிப் போகும்.

ஏப்ரல் 13 ஞாயிறு உங்கள் கூட்டம். அன்று ஆறு பிற்பதிவுகளையும் சத்தமாகப் படியுங்கள், மெதுவாக. யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் பதிவைத் திருத்தாதீர்கள். அவர் சொல்வதை அவர் பெயரோடு அடியில் சேருங்கள். பிறகு அன்றைய தீர்மானமாக, பிற்பதிவுகள் படிக்கப்பட்டன, ரத்தான ஆறு பக்கங்கள் உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டன என்று எழுதி, எழுதி முடித்த பிறகு, 13.04.2025 தேதியில் கையெழுத்து வாங்குங்கள். கடனையும் வட்டியையும் குழு இன்று ஏற்கிறது என்றால் அதைத் தனித் தீர்மானமாகப் போடுங்கள். "இன்று ஏற்கிறோம்" என்பது வேறு, "அன்றே முடிவு செய்தோம்" என்பது வேறு. பணத்துக்கு இன்று முதல் முழுப் பொறுப்பு ஏற்க முதலாவது போதும்.

தணிக்கையாளர் வந்து கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காதீர்கள். ஆறு கூட்டமும் தாமதமாக எழுதப்பட்டவை, பக்கங்கள் இவை, இணைப்புகள் இவை என்று ஒரு பக்கக் கடிதத்தை நோட்டின் மேலே வைத்துக் கொடுங்கள். குறிப்பு எழுதுவார். எழுதட்டும். நடந்ததைத்தானே எழுதுவார்? உங்கள் ஓரகத்திக்கு அது பொறுக்காமல் போகலாம். ஊக்குநர் என்ற பொறுப்பை ஏற்ற அன்றே அவர் உங்கள் வீட்டுப் பெண்ணாக மட்டும் இருப்பது முடிந்துவிட்டது. இதை அவரிடம் கோபமில்லாமல், ஆனால் கூட்டத்துக்கு முன்னாலேயே, சொல்லிவிடுங்கள்.

ஜூலை கூட்டத்துக்கு எந்தத் துண்டும் கிடைக்காமல் போகலாம். அப்போது தேதியைப் போட்டு, "இந்தக் கூட்டம் பற்றி ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை, நடந்ததாக ஐந்து பேர் சொல்கிறார்கள், என்ன முடிவானது என்று யாருக்கும் நினைவில்லை" என்று மூன்று வரி எழுதுங்கள். சொன்னவர்கள் மூன்று பேர் என்றால் மூன்று என்று போடுங்கள். மீதிப் பக்கத்தைக் கோடிட்டு அடைத்துவிட்டு ஆகஸ்டுக்குப் போங்கள்.