பிசினஸ் வாட்ஸ்அப் சாட்டை வேறு போனுக்கு மாற்றும் முன்

ஒரே நம்பரில் பிசினஸ் வாட்ஸ்அப்பும் சாதா வாட்ஸ்அப்பும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியுமா?
— பேன்சி ஸ்டோர், திண்டுக்கல்

முடியாது. இரண்டும் ஒரே போனில் இருக்கலாம், ஆனால் ஆளுக்கொரு நம்பர் வேண்டும்.

வீட்டிலேயே ஊறுகாய், வடகம் போட்டு விற்கிறேன். பிசினஸ் வாட்ஸ்அப் குழப்பமாக இருக்கிறது, எல்லாவற்றையும் என் சாதா வாட்ஸ்அப்புக்கு மாற்றித் தாருங்கள் என்று ஒரு மொபைல் கடையில் கேட்டேன். 1,500 ரூபாய் வாங்கினார்கள். திறந்து பார்த்தால் ஒரு சாட் கூட இல்லை. பிசினஸ் செயலியையும் அழித்துவிட்டார்கள். "உங்கள் டேட்டா சப்போர்ட் ஆகவில்லை" என்கிறார்கள். பணமும் தர மறுக்கிறார்கள்.
— வாசகி, மதுரை

அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. முடியாத வேலைக்கு முடியும் என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

சாதா வாட்ஸ்அப்பிலிருந்து பிசினஸுக்குப் போனால் பழைய சாட் கூடவே வரும், செயலியே கேட்டு எடுத்துக்கொள்ளும். திரும்பி வருவதற்கு அப்படி ஒரு வழியை வாட்ஸ்அப் தரவில்லை. காப்புக் கோப்பை எடுத்து, ஃபோல்டர் பெயரை மாற்றி வைத்துச் சிலர் முயல்கிறார்கள். ஒரு போனில் நடக்கும், இன்னொன்றில் நடக்காது. அதை நம்பி மூலத்தை அழிப்பவர் தொழில் தெரிந்தவர் இல்லை.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது இது. சாதா வாட்ஸ்அப்பில் Settings > Chats > Chat backup போய், தானாகக் காப்பு எடுப்பதை நிறுத்துங்கள். கூகுள் டிரைவில் புதுக் காப்பு ஏறும்போது பழையது போய்விடும்; முந்தியதைத் திருப்பி எடுக்க வழியில்லை. வெறுமையான கணக்கின் காப்பு எதன்மேலும் ஏறிவிடக் கூடாது. அடுத்து, டிரைவ் செயலியில் Backups என்ற பகுதியைத் திறந்து, உங்கள் நம்பருக்கு வாட்ஸ்அப் காப்பு ஏதாவது இருக்கிறதா, எந்தத் தேதியிட்டது என்று பாருங்கள்.

இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அதே கூகுள் கணக்கு உள்ள போனில் பிசினஸ் செயலியை மறுபடி நிறுவி, அதே நம்பரைப் பதிவு செய்யுங்கள். ஆறு இலக்க எண்ணைப் போட்டதும் Restore என்று கேட்கும். கை தவறி Skip தொட்டுவிட்டால், செயலியை எடுத்துவிட்டு மறுபடி நிறுவித்தான் அந்தக் கேள்விக்குத் திரும்பி வர முடியும்.

டிரைவில் ஒன்றும் இல்லையென்றால் போனுக்குள்ளேயே தேட வேண்டும். செயலி தினமும் போனிலேயே ஒரு காப்பு எழுதி வைக்கும், கடைசி ஏழு நாள் வரை. ஃபைல் மேனேஜரில் இந்த இடத்தைப் பாருங்கள்:

```
Android/media/com.whatsapp.w4b/WhatsApp Business/Databases
```

அங்கே msgstore என்று தொடங்கும் கோப்பு கண்ணில் பட்டால், வேறு எதையும் தொடாமல் முழு WhatsApp Business ஃபோல்டரையும் ஒரு கணினிக்கு நகல் எடுங்கள். பிறகுதான் செயலியை நிறுவ வேண்டும். இரண்டு இடத்திலும் எதுவும் இல்லையென்றால் சாட் போய்விட்டது. அதற்கு மேல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

1,500 ரூபாயை விடாதீர்கள். பில் இல்லாவிட்டாலும் ஜிபே, போன்பே பதிவு சாட்சிதான். கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

சாட் திரும்பி வந்தால் பிசினஸ் செயலியிலேயே இருங்கள். குழப்பம் தருவது கேட்டலாக்கும் தானியங்கி வாழ்த்தும்தான் என்றால் அவற்றை அணைத்துவிட்டால் மிச்சம் சாதா வாட்ஸ்அப் மாதிரிதான். மாமியார், மகள் எல்லோரோடும் அதிலேயே பேசலாம்.

சாட்டை Export செய்து வைத்திருக்கிறேன். அதை சாதா வாட்ஸ்அப்பில் ஏற்றுவது எப்படி?
— டெய்லரிங், ஈரோடு

ஏற்ற முடியாது. அது படிப்பதற்கான எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான். அதிலும் படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்தி, படங்கள் இல்லாமல் 40,000 வரைதான் வரும். பாக்கிக் கணக்குள்ள வாடிக்கையாளர்களுக்கு மட்டும் எடுத்து மெயிலில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

நேற்று எக்ஸ்சேஞ்சில் பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்கினேன். ரீசெட் செய்துதான் கொடுத்தேன். இப்போது புதுப் போனில் பழைய ஆர்டர் சாட் எதுவும் வரவில்லை. காப்பு எடுத்ததாக ஞாபகம்.
— கேக் வியாபாரம், கோவை

ஞாபகம் போதாது. Chat backup பக்கத்தில் கடைசிக் காப்பின் தேதியும் அளவும் எழுதியிருக்கும். போனை நீட்டும் முன் அதைப் படிக்க அரை நிமிடம் ஆகாது. இந்த மாதிரிக் கடிதம் இந்தப் பகுதிக்கு வந்துகொண்டே இருக்கிறது, நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

டிரைவ் காப்பு பல பேருக்கு எப்போதோ நின்றுபோயிருக்கும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்பு முன்பு டிரைவ் இடத்தில் சேராது. 2024 முதல் அதுவும் இலவச 15 ஜிபிக்குள் அடக்கம். போட்டோவும் ஜிமெயிலும் அதே 15 ஜிபியில்தான் இருக்கின்றன. கேக் படமும் வீடியோவும் நிறைய அனுப்பும் உங்களுக்கு அது எப்போது நிரம்பியது என்று தெரிந்திருக்காது. பழைய கூகுள் கணக்கைப் புதுப் போனில் சேர்த்து, செயலியை மறுபடி நிறுவிப் பாருங்கள். என்ன தேதியில் நின்றதோ, அதுவரைதான் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டிலிருந்து இன்னொரு ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறேன். டிரைவ் நிரம்பிவிட்டது. கூகுளுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டுமா?
— நர்சரி, ஓசூர்

வேண்டாம். இரண்டு போனும் கையில் இருக்கும்போது டிரைவே தேவையில்லை. புதுப் போனில் பிசினஸ் செயலியை நிறுவுங்கள். சாதா செயலியை இல்லை. நம்பரைப் பதிவு செய்ததும் பழைய போனிலிருந்து மாற்றவா என்று கேட்டு ஒரு கியூஆர் காட்டும். பழைய போனில் Settings > Chats > Transfer chats திறந்து அதை ஸ்கேன் செய்தால், சாட் வைஃபை வழியாக நேரடியாகப் போகும். இரண்டிலும் வைஃபை ஆனில் இருக்க வேண்டும், சார்ஜ் நிறைய இருக்க வேண்டும், முடியும்வரை இரண்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

புதுப் போனில் காலி இடத்தை முதலில் பாருங்கள். பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருந்த ஒரு மலிவுப் போனை நான் வாங்கினேன். முன்பே ஏற்றி அனுப்பிய செயலிகள் பெரும்பகுதியை விழுங்கியிருந்தன, சாட் பாதியில் நின்றது. திருப்பி எடுத்துக்கொள்ள விற்றவர் ஒப்பவில்லை.

எல்லாம் வந்த பிறகும் பழைய போனில் உள்ளது தானாக அழியாது. ஒரு வாரம் வைத்திருங்கள். போன வருட ஆர்டர் ஒன்றையும், படத்தோடு வந்த ஒரு முகவரியையும், ஒரு குரல் பதிவையும் புதுப் போனில் திறந்து பாருங்கள். மூன்றும் திறந்தால் பழையதை ரீசெட் செய்யலாம்.

"பிசினஸ் டு பர்சனல், ஒரே கிளிக்" என்று ஒரு சாஃப்ட்வேர் விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?
— இமிடேஷன் நகை, சென்னை

வாங்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அப்படி ஒன்றை நானும் பணம் கட்டி வாங்கினேன். இலவசச் சோதனையில் சாட் பட்டியல் அழகாக வரிசையாக வந்தது. பெயர் தெரிந்தது, எண்ணிக்கை தெரிந்தது. பணம் கட்டியதும் பாதி வழியில் பிழை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் லாக் கோப்பை அனுப்பு, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு என்று இழுத்தடித்து, கடைசியில் திருப்பித் தரும் கெடு முடிந்துவிட்டது என்று பதில். பட்டியலைக் காட்டுவது சுலபமான வேலை, இன்னொரு செயலிக்குள் அதை ஏற்றுவதுதான் கஷ்டம். சுலபமானதை இலவசமாகக் காட்டிக் கஷ்டமானதற்குக் காசு வாங்குவதுதான் இந்த வியாபாரத்தின் அடிப்படை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் சாட்டில் என்ன இருக்கிறது? பெண்களின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட். உங்களை நம்பிக் கொடுத்தவை அவை. முகம் தெரியாத ஒரு நிரலுக்குப் போன் முழுவதையும் திறந்துவிட உங்களுக்கு உரிமை இல்லை. சில நிரல்கள் வாட்ஸ்அப்பின் மாற்றிய பதிப்பைப் போனில் ஏற்றச் சொல்லும். அதிகாரப்பூர்வமில்லாத செயலி கண்ணில் பட்டால் வாட்ஸ்அப் அந்த நம்பரையே முடக்கும். நம்பர் முடங்கினால் சாட் மட்டும் இல்லை, கடையே மூடின மாதிரி.

கடை வாட்ஸ்அப் வேலைக்காரப் பையன் போனில் இருந்தது. அவன் நின்றுவிட்டான். சிம் என் பெயரில் என்னிடம்தான் இருக்கிறது. சாட்டை என் போனுக்குக் கொண்டுவர முடியுமா?
— ஹார்டுவேர் கடை, சேலம்

நம்பரைக் கொண்டுவரலாம். சிம்மை உங்கள் போனில் போட்டுப் பதிவு செய்யுங்கள். அவர் போனில் தானாக வெளியேறிவிடும். அவர் இரண்டாம் அடுக்கு PIN எண் போட்டிருந்து, சொல்ல மறுத்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், பிறகு PIN இல்லாமல் நுழையலாம். சாட் வருவது அவர் மனசைப் பொறுத்தது. காப்பு அவருடைய கூகுள் கணக்கில் இருக்கிறது. பதிவு செய்யும் முன்பே கூப்பிட்டுப் பேசி, Transfer chats முறையில் நேரில் வாங்குங்கள். சம்பள பாக்கி இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள்.

இனிமேல் முதன்மைப் போன் உங்களிடம் இருக்கட்டும். ஆளுக்கு Linked devices மூலம் இணைப்பு கொடுங்கள், நான்கு சாதனம் வரை சேர்க்கலாம். ஆள் போனால் உங்கள் போனிலிருந்தே துண்டிக்கலாம். உங்கள் போனை மட்டும் 14 நாளுக்கு மேல் திறக்காமல் விடாதீர்கள், இணைத்ததெல்லாம் அறுந்துவிடும்.

போனும் புதுசு, நம்பரும் புதுசு. எதை முதலில் மாற்றுவது?
— டிபன் சென்டர், திருச்சி

நம்பரை. பழைய போனிலேயே Settings > Account > Change number கொடுங்கள், சாட் அப்படியே இருக்கும். பிறகு புது நம்பரோடு காப்பு எடுத்துப் புதுப் போனுக்குப் போங்கள். வரிசை மாறினால் புதுப் போன் பழைய நம்பரின் காப்பைத் தேடிக் கொடுக்காது. வங்கி, கேஸ், யுபிஐ எல்லாவற்றிலும் நம்பரை மாற்றி முடிக்கும்வரை பழைய சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள்.