யூனிஃபார்ம் சப்ளையர் ஒப்பந்தத்தை முடிக்கும்போது ஸ்டாக் கணக்கை எப்படித் தீர்ப்பது?

கேள்வி: எங்கள் பள்ளி ஊட்டி பக்கம். யூனிஃபார்ம் சப்ளையரோடு மூன்று வருட ஒப்பந்தம், இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஸ்வெட்டர் தரம் மோசம் என்று பெற்றோர் தினமும் வந்து நிற்கிறார்கள். ஒப்பந்தத்தை எப்படி முடிப்பது? எங்கள் ஸ்டோரிலும் அவர் குடோனிலும் இருக்கும் சரக்கு யார் தலையில் விழும்?

பதில்:

கோத்தகிரியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் கொள்முதல் பார்க்கிறேன். இதே விஷயத்தை முழுதாக நடத்தி முடித்திருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

நோட்டீஸைப் பற்றி யோசிக்கும் முன்பே ஒன்று செய்யுங்கள். குறையுள்ள லாட்டை விற்பதை இன்றே நிறுத்துங்கள். புகார் வந்த பிறகும் ஸ்டோரில் விற்றுக்கொண்டே இருந்தால், சரக்கை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகிவிடும். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது: வாங்கியவர் சரக்கைத் தன் சொத்தாகப் பாவித்து நடந்துகொண்டாலும், நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று தெரிவிக்காமல் வைத்திருந்தாலும், ஏற்றதாகவே அர்த்தம். ஏற்ற பிறகு திருப்பி அனுப்பும் உரிமை பொதுவாகப் போய்விடும். நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம். ஆகவே அந்த லாட்டைத் தனி அறையில் அடுக்கி, எண்ணி, பூட்டி வையுங்கள். நிராகரித்த சரக்கை நீங்களே லாரி வைத்து அனுப்ப வேண்டியதில்லை, வேண்டாம் என்று தெரிவித்தாலே போதும் என்பது 43ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் அதன்படி நடக்க வேண்டும்.

எங்களுக்கு வந்த பிரச்சினை இது. மே மாதம் வந்த முதல் லாட் ஸ்வெட்டர் நன்றாகவே இருந்தது. அக்டோபரில் இரண்டாவது லாட் 270 வந்தது. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. துணி காயவே காயாது. அந்த நேரத்தில் ஒரே துவைப்பில் முழங்கையில் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரண்டது, மெரூன் சாயம் இறங்கி வெள்ளைச் சட்டைக் காலர் சிவந்தது. காலை அசெம்பிளியில் சின்னப் பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு நடுங்கி நிற்பதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. ஒப்பந்தத்தில் பாதி கம்பளி, பாதி அக்ரிலிக் என்று இருந்தது.

உங்களிடம் சந்தேகம் இருந்தால் ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக உறையும். சாயத்துக்கு, ஒரு வெள்ளைத் துண்டுத் துணியை ஸ்வெட்டரோடு சேர்த்துத் தைத்துத் துவைத்தாலே தெரிந்துவிடும். ஆனால் இது உங்கள் மனத் தெளிவுக்குத்தான். சண்டை வந்தால் நிற்காது. நாங்கள் சப்ளையரின் ஆளை வரவழைத்து, அவர் எதிரிலேயே லாட்டிலிருந்து மூன்று ஸ்வெட்டர் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைத்தோம். ஒன்று அவருக்கு, ஒன்று எங்களுக்கு, ஒன்று கோவையில் உள்ள சிட்ரா ஆய்வகத்துக்கு. கம்பளி பேருக்குத்தான் இருந்தது என்று அறிக்கை வந்ததும் அவருடைய பேச்சின் தோரணையே மாறிவிட்டது. ஒப்பந்தத்தின்போது கையெழுத்திட்ட மாதிரி ஸ்வெட்டர் உங்களிடம் இருந்தால் பத்திரம். மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அதற்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 17ஆவது பிரிவு.

அடுத்தது கடிதங்கள். இரண்டு கடிதம் வேண்டும், ஒன்றல்ல. முதல் கடிதம் குறையைச் சொல்வது: எந்த பில், எந்த லாட், எத்தனை, என்ன குறை, எத்தனை நாளில் மாற்றித் தர வேண்டும். அந்தக் கெடு தவறிய பிறகுதான் இரண்டாவது, ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதம். பல ஒப்பந்தங்கள் குறையைச் சரிசெய்ய அவகாசம் தரச் சொல்லும். அதைத் தாண்டிக் குதித்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

முதல் கடிதத்தில் தேதி ரொம்ப முக்கியம். உங்கள் சப்ளையர் சொந்த யூனிட்டில் தயாரிக்கும் சிறு நிறுவனமாக உத்யம் பதிவு வைத்திருந்தால், 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் குறுக்கே வரும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் ஏற்றதாகக் கொண்டு, பணம் தர வேண்டிய நாள் ஓடத் தொடங்கும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தக் கெடு 45 நாளைத் தாண்ட முடியாது. தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. "போன்ல சொல்லிட்டோமே" என்பது அங்கே எடுபடாது. ஆகவே ஒவ்வொரு லாட்டும் இறங்கிய வாரமே சிலவற்றைத் துவைத்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

இனி ஸ்டாக். சரக்கை இடத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், குணத்தை வைத்துப் பிரியுங்கள். எங்கள் கணக்கு இப்படி வந்தது. ஒரு ஸ்வெட்டர் வரியோடு 520 ரூபாய். மோசமான 270இல் 190 பூட்டிய அறையில் இருந்தது. ஏற்கெனவே விற்ற 80ஐ, கைவசம் இருந்த மே மாத நல்ல லாட்டிலிருந்து மாற்றிக் கொடுத்து வாங்கி வைத்தோம். போட்டுத் துவைத்த அந்த 80ஐத் திரும்ப எடுக்கும் கட்டாயம் அவருக்குச் சட்டப்படி உறுதியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆய்வக அறிக்கையைக் காட்டிப் பேசித்தான் சம்மதிக்க வைத்தோம். ஆக 270க்கும் 1,40,400 ரூபாய் கழிவு.

அவர் குடோனில் எங்கள் பள்ளி முத்திரையோடு இன்னும் 140 இருந்தது. இங்கேதான் பல பள்ளிகள் அநியாயம் செய்கின்றன, முழுவதையும் அவர் தலையில் கட்டிவிடுகின்றன. நாம் எழுத்தில் ஆர்டர் கொடுத்து, தரமாகத் தயாரித்து, நம் முத்திரை இருப்பதால் வேறெங்கும் விற்க முடியாத சரக்கை நாம் எடுத்துக்கொள்வதுதான் நியாயம். அதில் மே மாத நல்ல லாட்டின் பழைய நூலில் பின்னிய 50ஐ எண்ணிப் பார்த்து எடுத்தோம்: 26,000 ரூபாய். அக்டோபர் லாட்டின் புது நூலில் பின்னிய 90ஐ எடுக்கவில்லை. ஆர்டர் இல்லாமல் அவர் வாங்கி வைத்த நூலுக்கும் நாங்கள் பொறுப்பில்லை. அதை அவர் வேறு பள்ளிக்குப் பின்னிக்கொள்ளலாம்.

பாக்கி பில் 1,60,000. அதோடு 26,000ஐக் கூட்டி, 1,40,400ஐக் கழித்தால் 45,600. அவ்வளவுதான் நாங்கள் கொடுக்க வேண்டியது. சப்ளையர் கட்டிய வைப்புத்தொகை உங்களிடம் இருந்தால் அதையும் இதே தாளில் எழுதுங்கள், தனியாக விட்டால் அடுத்த வருடம் அதற்கென்று ஒரு வழக்கு வரும்.

முத்திரை விஷயத்தில் கறாராக இருங்கள். தைத்து ஒட்டிய பேட்ஜ் என்றால் பிரித்து நம்மிடம் ஒப்படைக்கச் சொல்லலாம். நேரடியாக எம்பிராய்டரி போட்டிருந்தால் பிரித்தால் ஓட்டை விழும். அதை வெளியே விற்க மாட்டேன் என்று எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் நிராகரித்த அதே ஸ்வெட்டர் கடைவீதியில் பாதி விலைக்கு வந்து, மறுபடி பிள்ளைகள் முதுகிலேயே ஏறும். எம்பிராய்டரி மெஷினில் நம் முத்திரை டிசைனைப் போட உதவும் பஞ்ச் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்.

நோட்டீஸ் காலம் டிசம்பருக்குள் முடிகிற மாதிரி பாருங்கள். ஜூன் முதல் நாளே நம் மலையில் ஸ்வெட்டர் வேண்டும்; புது ஆள் சைஸ் எடுத்து, நூல் வாங்கி, மாதிரி காட்டி, பின்னி முடிக்கக் குறைந்தது நான்கைந்து மாதம் கேட்பார். அனுப்பும் முன் கடிதத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். ஒப்புகையுடன் தபாலிலும், கூடவே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

செக்கை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். திரும்பிய 270க்கும் அவர் ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட்டு, சரக்கை எடுத்துச் சென்று, இரு தரப்புக்கும் இனிப் பாக்கி இல்லை என்ற தாளில் கையெழுத்திட்ட அன்றுதான் எங்கள் தாளாளர் 45,600க்கான செக்கில் கையெழுத்துப் போட்டார்.