பழைய கோப்பை அப்படியே திருப்பி ஏற்றாதீர்கள்

கேள்வி: என் இணையக் கடையில் சுமார் 2,000 பொருள்களின் விலையை ஒரே கோப்பில் மாற்றி ஏற்றப் போகிறேன். முன்கூட்டியே எல்லாத் தரவையும் இறக்கி வைத்துக்கொண்டால், ஏதாவது கெட்டுப்போனாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் அல்லவா?

போதாது. ‘சிஎஸ்வி எடுத்து வை, கெட்டால் திருப்பி ஏற்று’ என்ற யோசனையால் வந்த வினையைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பில் பாதி. பிரதி எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். கட்டாயம் எடுங்கள். அதைத் திருப்பி ஏற்றும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு கடையின் கதை இது. விலையைப் பத்து விழுக்காடு ஏற்ற முடிவு செய்தார்கள். பணியாளர் ஒருவர் கோப்பில் விலை நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டார். பக்கத்தில், ஒவ்வொரு பொருளுக்கும் உரிய குறியீடு இருக்கும் `sku` நெடுவரிசை அசையவில்லை. ஒரு பொருளின் விலை இன்னொரு பொருளின் தலையில் போய் உட்கார்ந்தது. தளமோ எல்லா வரிகளும் வெற்றிகரமாக ஏற்றப்பட்டன என்று பச்சை நிறத்தில் அறிவித்தது. அதற்கு விலை ஓர் எண்ணாக இருந்தால் போதும்; சரியான எண்ணா என்பது அதன் கவலை இல்லை.

உரிமையாளர் கெட்டிக்காரர், முந்தைய நாள் மாலையே முழுப் பிரதி எடுத்து வைத்திருந்தார். மறுநாள் மதியம் அதை அப்படியே ஏற்றினார். விலைகள் சரியாயின. ஆனால் அந்தக் கோப்பில் `quantity` நெடுவரிசையும் இருந்தது. இரவிலும் காலையிலும் விற்றுத் தீர்ந்த பொருள்களெல்லாம் மறுபடி இருப்பில் இருப்பதாகக் கடையில் தோன்றின. கிடங்கில் இல்லாத பொருளுக்கு ஆர்டர்கள் வந்தன. அவற்றை ரத்து செய்ய, ரத்து விகிதம் ஏறியதற்காகத் தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அன்று காலை இன்னொருவர் கையால் திருத்தியிருந்த தலைப்புகளும் போயின. விலைக் குளறுபடியைவிட அதைச் சரிசெய்த விதம்தான் அவர்களுக்கு அதிகச் செலவு வைத்தது.

ஆகவே திரும்பும்போது ஏற்றும் கோப்பில் இரண்டே நெடுவரிசைகள் இருக்கட்டும்: `sku`, நீங்கள் மாற்றிய `price`. விற்பனையோடு தானாக மாறும் இருப்பு எண்ணிக்கை அதில் இருக்கவே கூடாது. பல தளங்களில், கோப்பில் இல்லாத நெடுவரிசையைத் தளம் தொடாது. நெடுவரிசை இருந்து கட்டம் காலியாக இருந்தால் அங்கே இருக்கும் தகவலை அழித்துவிடும். சில தளங்கள் முழுப் புதுப்பிப்பா, பகுதிப் புதுப்பிப்பா என்று கேட்கும். அங்கே பகுதியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தளம் எந்த ரகம் என்று இப்போதே, எதுவும் கெடாதபோதே, மூன்று வரிகளை மட்டும் மாற்றமில்லாமல் ஏற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு நெடுவரிசை போதும் என்றால், பிறகு எந்த வரிகளைத் திருப்புவது? இதற்குத்தான் மூன்று கோப்புகள் வேண்டும். மாற்றத்துக்கு முன் இறக்கியது ஒன்று. நீங்கள் ஏற்றிய கோப்பு, ஒரு எழுத்துகூட மாறாமல், இன்னொன்று. பலரும் ஏற்றிய கோப்பின் மேலேயே திருத்தத் தொடங்கி, எதை அனுப்பினோம் என்ற தடயத்தை அழித்துவிடுகிறார்கள். மூன்றாவது, கெட்டது தெரிந்த பிறகு புதிதாக இறக்கியது. எக்செல்லில் ஒரே தாளில் A-யில் `sku`, B-யில் முன்பிருந்த விலை, C-யில் அனுப்பியது, D-யில் இப்போது இருப்பது என்று `XLOOKUP` கொண்டு சேர்த்துவிட்டு, E-யில் இதைப் போடுங்கள்:

```
=IF(D2=B2,"விடு",IF(D2=C2,B2,"பார்"))
```

மேலே சொன்ன கடையில் 00417 என்ற பொருளின் விலை 640. அது 704 ஆகியிருக்க வேண்டும். இடம் மாறியதால் 2310 என்று போயிருந்தது, பழைய பிரதியை ஏற்றும்வரை 2310-ஆகவே இருந்தது. நாம் கெடுத்தது, பிறகு யாரும் தொடாதது. ஆகவே 640-க்குத் திருப்பலாம். 00418-இன் பழைய விலை 2100. அதற்கு 704 போயிருந்தது. யாரோ பதறிப்போய்க் கையால் 2310 என்று திருத்தியிருந்தார்கள். மூன்றும் வெவ்வேறு, எனவே ‘பார்’ என்று வரும். இதை மனிதக் கண்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படி ஒரு வரி இருப்பது தெரியாமல், தளத்தில் இப்போது இருக்கும் விலையின் மேல் மறுபடி பத்து விழுக்காடு கணக்கிட்டால், அது 2541 ஆகிவிடும். மறுமுயற்சியின் கணக்கை எப்போதும் முதல் கோப்பிலிருந்தே தொடங்குங்கள்.

இவ்வளவும் எக்செல்லை நம்பி நடப்பதால் ஓர் எச்சரிக்கை. சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் 00417 என்பது 417 ஆகிவிடும். 13 இலக்கப் பார்கோடு 8.90E+12 போலச் சுருங்கிவிடும், அப்படியே சேமித்தால் மீதி இலக்கங்கள் திரும்பி வராது. `Data` பட்டியலில் `From Text/CSV` வழியாகத் திறந்து, `Do not detect data types` என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது எல்லாமே எழுத்தாக வரும், 704-உம் 704.00-உம் வேறு வேறு என்று காட்டி, ‘பார்’ வரிகள் கொஞ்சம் கூடும். கூடட்டும். மூலப் பிரதியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள்; நகல் எடுத்து நகலில் வேலை செய்யுங்கள். ‘செயலி ஒன்று மாதச் சந்தாவில் இதையெல்லாம் செய்கிறதே’ என்பீர்கள். செய்யலாம். அது இருப்பையும் சேர்த்துத் திருப்புகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உதவி கேட்பவர்களிடம் கோப்பை அனுப்புங்கள் என்றால், கணினித் திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள், அதுவும் சாய்வாக. ஆயிரம் வரிகளில் மேலே இருக்கும் இருபது வரிகளின் படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன ஜோசியமா பார்ப்பது? கேட்டால் ‘அவசரம் சார்’ என்பார்கள். கூலி கொடுக்கும்போது அந்த அவசரம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

சரி, உண்மையிலேயே கெட்டுவிட்டால் முதல் வேலை, தளத்தின் ஏற்றுதல் வரலாற்றைப் பார்ப்பது. பெரிய கோப்பு பின்னணியில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் திருத்தக் கோப்பை அனுப்பினால், திருத்திய வரியின் மேலேயே பழைய தவறு மறுபடி வந்து விழக்கூடும். விலைகளைத் திருத்தி முடிக்கும்வரை பாதிக்கப்பட்ட பொருள்களை மறைத்து வையுங்கள். மறைக்க வேண்டும் என்று இருப்பைப் பூஜ்யமாக்காதீர்கள். பிறகு அதையும் திருப்ப வேண்டிவரும். நீக்கவும் செய்யாதீர்கள். நீக்கிய பொருளை மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் புதிய அடையாள எண்தான் கிடைக்கும், பழைய மதிப்புரைகளும் இணைப்புகளும் அதோடு வராது. படங்களும் அப்படித்தான்: கோப்பில் இருப்பது படத்தின் முகவரி மட்டுமே, தளத்திலிருந்து படம் போய்விட்டால் அந்த முகவரியால் பயனில்லை. விலை மட்டும் மாற்றும் உங்களுக்கு இது தேவைப்படாது. ஆனாலும் தவறான விலையில் இடையில் வந்துவிட்ட ஆர்டர்களை எந்தக் கோப்பும் திருப்பாது. கெட்ட நேரத்துக்கும் சரியான நேரத்துக்கும் இடைப்பட்ட ஆர்டர் பட்டியலைத் தனியாக இறக்கி, ஒவ்வொருவரிடமும் நீங்களேதான் பேச வேண்டும்.