பழைய வாடிக்கையாளரின் பெயர் கடைக்குத் தெரிய வேண்டும்

*திருச்சியில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்துகிறேன். முதலில் நானும் ஒரு பெண்ணும்தான். போன வருடம் கடையைப் பெரிதாக்கினேன், இப்போது நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கூட்டத்தைச் சமாளிக்க டோக்கன் வைத்தேன். "உன் கடை ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சும்மா" என்று ரொம்ப நாளாக வருகிற ஒருவர் சொல்லிவிட்டுப் போனார், அப்புறம் வரவே இல்லை. பெயர், லோகோ, உள் அலங்காரம் எல்லாவற்றையும் மாற்றிக் கடையை ஒரு பிராண்டாக ஆக்கலாம் என்கிறார் டிசைனர். செய்யலாமா?*
*– ஒரு வாசகி, திருச்சி*

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரை மாற்றாதீர்கள். பழைய வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மருமகளையும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் உங்களிடம் அனுப்புகிறார்கள். போர்டு மாறினால் கடை கைமாறிவிட்டது என்றே நினைப்பார்கள். லோகோவும் அலங்காரமும் ஆறு மாதம் காத்திருக்கட்டும்.

முன்பு யாருக்கு எந்தக் கலர், யாருக்கு வேக்ஸ் போட்டால் தோல் சிவக்கும் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தது. இப்போது நாற்காலிக்குப் பின்னால் நிற்பது வேறொரு பெண். அவருக்கு அது எதுவும் தெரியாது. அதனால் வருகிற எல்லோரிடமும் "என்ன பண்ணணும் மேடம்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பல வருடமாக வருகிறவருக்கு அந்தக் கேள்வி வலிக்கும். ஆகவே உங்கள் பிராண்டு வேலை ஒரு சாதாரண அட்டையில் தொடங்கட்டும். ஒருவருக்கு ஒரு அட்டை, பெயர் வரிசையில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். சாஃப்ட்வேர் பிறகு பார்க்கலாம்.

அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். நாற்பத்தெட்டு வயதுள்ள ஒரு பள்ளி ஆசிரியை நரைக்கு ரூட் டச்-அப் செய்ய மாதாமாதம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஹேர் கலர், பிரவுன்" என்று மட்டும் எழுதினால் அது பில்லுக்கு உதவும், அவருக்கு உதவாது. இப்படி எழுதுங்கள்: ஷேட் 5.0, 40 கிராம். 20 வால்யூம் டெவலப்பர், 60 மில்லி. நெற்றியோரத்தில் நரை பிடிவாதமானது, அங்கிருந்து பூச ஆரம்பிக்கவும். வேரில் மட்டும், 35 நிமிடம். கழுத்து வலி உண்டு, பேசினில் துண்டு மடித்து வைக்கவும். "டீச்சர்" என்று கூப்பிடவும்.

"வேரில் மட்டும்" என்ற இரண்டு சொற்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது தெரியாத புதுப் பெண் ஒவ்வொரு முறையும் முடி முழுக்கக் கலரை இழுத்துவிடுவார். ஏற்கெனவே கலர் ஏறிய நுனியில் மேலும் மேலும் ஏறி, நான்கைந்து மாதத்தில் வேர் பழுப்பாகவும் நுனி கருகருவென்றும் தெரியும். டீச்சருக்கு ஷேட் நம்பர் தெரியாது. ஆனால் கண்ணாடியைப் பார்த்ததும், இங்கே யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்பது தெரிந்துவிடும். "டீச்சர் டீச்சர்" என்று எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் அந்த நுனி பொய் சொல்லாது.

கூப்பிடும் விதமும் முக்கியம்தான். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை "ஆன்ட்டி" என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரை இழந்த பார்லர்கள் உண்டு. அக்காவா, மேடமா, பெயரா என்று முதல் வருகையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அட்டையை எழுதி வைத்தால் மட்டும் போதாது, அவர் உட்காருவதற்கு முன் படித்திருக்க வேண்டும். காலையில் கடை திறந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்றைக்கு நேரம் சொல்லியிருப்பவர்களின் அட்டைகளை எடுத்து அந்தந்தப் பெண்ணிடம் கொடுங்கள். சொல்லாமல் வருகிறவருக்கு, அவர் செருப்பைக் கழற்றும் நேரத்தில் எடுத்துவிடலாம். பெண்கள் பேசும் முதல் வாக்கியம் அட்டையிலிருந்து வரட்டும்: "டீச்சர், போன தடவை நெத்தி ஓரம் சரியாப் பிடிச்சிருந்துச்சா?" வேலை முடிந்ததும், அடுத்தவரை அழைப்பதற்கு முன் அன்றைய குறிப்பை எழுதிவிட வேண்டும். இரவு மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். இந்தப் பழக்கம் உடைவது பெரும்பாலும் முகூர்த்த நாட்களின் நெரிசலில்தான், அன்றைக்கு நீங்களே பக்கத்தில் நின்று எழுத வையுங்கள்.

டோக்கனுக்குப் பதில் நோட்டில் பெயரும் நேரமும் எழுதுங்கள். காத்திருக்க வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். இருபது நிமிடம் என்று தெரிந்தால் கடைவீதிக்குப் போய் வருவார்கள்.

பண்டிகைக்கு எல்லோருக்கும் ஒரே தள்ளுபடிச் செய்தி அனுப்புவதையும் நிறுத்துங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் டீச்சரின் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிவது நான்காவது வாரத்தில். அந்த வாரம், "டீச்சர், சனிக்கிழமை பதினோரு மணிக்கு உங்களுக்கு நேரம் வைக்கட்டுமா?" என்று ஒரு வாட்ஸ்அப் போதும். செய்தி அனுப்பலாமா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும், வேண்டாம் என்றால் அதையும் அட்டையில் குறியுங்கள்.

இதில் இரண்டு எல்லைகள் உண்டு. மாமியார் சண்டை, மகளின் கல்யாணப் பேச்சு, மருத்துவ விஷயம் என்று நாற்காலியில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள். அவை அட்டையில் ஏறக் கூடாது. வேலைக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள். தாடையில் முடி, முடி கொட்டுவது போன்றவற்றைப் பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும்படி சொல்லவும் கூடாது. தெரிந்தவர் என்ற உரிமையில் இந்தத் தவறு நடப்பதுதான் அதிகம்.

இரண்டாவது, பேட்ச் டெஸ்ட். "நம்ம டீச்சர்தானே, எத்தனை வருஷமாப் போடுறோம்" என்று விட்டுவிடாதீர்கள். ஹேர் டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்து திடீரென்று அலர்ஜி தரக்கூடியது. டை பெட்டியில் சொல்லியிருக்கும் முறைப்படி 48 மணி நேரத்துக்கு முன் சோதித்து, தேதியையும் எழுதுங்கள். அரிப்பு, வீக்கம் என்று ஒருமுறை வந்திருந்தால் அட்டையின் தலையில் சிவப்பு மையில் இருக்கட்டும். அவருக்கு மறுபடி பிபிடி உள்ள எந்தக் கலரும் வேண்டவே வேண்டாம், தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போய்விட்ட அந்தப் பழைய வாடிக்கையாளரை நீங்களே போனில் கூப்பிடுங்கள். தள்ளுபடி பேச்சே வேண்டாம். "அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான், டோக்கனை எடுத்துட்டேன், நீங்க வர்ற அன்னைக்கு நானே இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

பலன் தெரிகிறதா என்பதை அட்டைகளே சொல்லும். ஒரு மாதத்தில் ரூட் டச்-அப் செய்த எல்லோரின் அட்டைகளையும் தனியாக எடுத்து, ஆறு வாரத்துக்குள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணுங்கள். நாற்பது பேரில் இருபத்திரண்டு பேர் வந்திருந்தால், வராத பதினெட்டு அட்டைகளையும் மேசையில் பரப்பி, கடைசியாக யார் கை வைத்தது, என்ன குறிப்பு இருக்கிறது என்று பாருங்கள். ஒரே பெண்ணின் அட்டைகள் அதிகம் இருந்தால் அவருக்குப் பயிற்சி தேவை. குறிப்பே இல்லாத அட்டைகள் அதிகம் இருந்தால், குறிப்பு எழுத நேரம் கிடைக்காதபடி வேலையை நெருக்கி வைத்திருக்கிறீர்கள். அப்போது ஒவ்வொருவருக்கும் இடையில் ஐந்து நிமிடம் விட்டு நேரம் கொடுங்கள்.