செக்யூரிட்டி ஏஜென்சியிடமிருந்து கட்டண உயர்வு மெயில் வந்திருக்கிறதா? கேள்வி பதில்

சோழிங்கநல்லூர் பக்கம் 412 வீடுகள் உள்ள ஒரு வளாகத்தின் பொருளாளர் போன வாரம் எனக்கு ஒரு மெயிலை அனுப்பியிருந்தார். அவர்களிடம் செக்யூரிட்டியும் ஹவுஸ்கீப்பிங்கும் பார்க்கும் ஏஜென்சி, குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதியது. சாரம் இதுதான்: ஏப்ரல் 1 முதல் பஞ்சப்படி ஏறிவிட்டதால் தலைக்கு 9 சதவீதம் கட்டணம் உயர வேண்டும். இரண்டு மாத பில் பாக்கி இருக்கிறது, தீராவிட்டால் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்வோம். கழிவுநீர்த் தொட்டிக்குள் எங்கள் ஆட்களை இறங்கச் சொல்லக் கூடாது.

நான் பத்தொன்பது வருடம் இதுபோன்ற ஒரு ஏஜென்சியில் சம்பளக் கணக்கு பார்த்தவன். இந்த மாதிரி மெயில்களை நானே எழுதியிருக்கிறேன், அதனால் எந்த வரியில் எதை ஒளிப்போம் என்று தெரியும். பெயர்களை எடுத்துவிட்டு மெயிலைக் குழுவில் போட்டதும் வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பொருளாளர், சோழிங்கநல்லூர்: பஞ்சப்படி ஏறியது மாதம் 500 ரூபாய் என்று அவர்களே இணைப்பில் போட்டிருக்கிறார்கள். ஆனால் தலைக்கு 2,000 கேட்கிறார்கள். இது கொள்ளைதானே?

பாதி நியாயம், பாதி நீங்கள் சொல்வது. 500 ஏறினால் உங்கள் பில்லில் 500 மட்டும் ஏறாது. உங்கள் ஒப்பந்த இணைப்பையே வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

எட்டு மணி நேர காவலருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000. இதன் மேல் முதலாளி பங்காக பி.எஃப் 13 சதவீதம், 1,820. ஈ.எஸ்.ஐ 3.25 சதவீதம், 455. போனஸ் 8.33 சதவீதம், 1,166. சீருடைக்கு 300. ஆக 17,741. வாரம் ஒரு நாள் விடுப்பு கொடுத்தால் அன்றைக்கு இன்னொருவர் நிற்க வேண்டும் அல்லவா? அந்த ரிலீவருக்காக ஆறில் ஒரு பங்கு, 2,957. இப்போது 20,698. அதன் மேல் ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம் சேர்ந்தால் 22,354. அப்புறம்தான் 18 சதவீத ஜி.எஸ்.டி.

இதே வழியில் கூடுதல் 500 ரூபாயையும் நடத்திக்கொண்டு போனால் ஜி.எஸ்.டி-க்கு முன் 785 ரூபாய் வரும், ஜி.எஸ்.டி-யோடு 926. அதாவது சம்பளத்தில் ஒரு ரூபாய் ஏறினால் உங்கள் பில்லில் சுமார் 1 ரூபாய் 85 காசு ஏறுகிறது. இது ஏமாற்று இல்லை, கணக்கு.

22,354-க்கு 785 என்பது மூன்றரை சதவீதம். அவர்கள் கேட்பது 9, அதாவது 2,012. மீதி ஐந்தரை சதவீதத்துக்குப் பஞ்சப்படியைக் காரணம் சொல்ல முடியாது. அது அவர்கள் லாபத்தைக் கூட்டக் கேட்பதாக இருக்கலாம், பழைய ஒப்பந்தத்தைக் குறைந்த விலைக்குப் பிடித்துவிட்டு இப்போது சரிசெய்வதாகவும் இருக்கலாம். இரண்டையும் பேரம் பேசலாம். ஆனால் மூன்றரையையும் பேரம் பேசாதீர்கள், அதில் நீங்கள் குறைப்பது காவலரின் சட்டப்படியான கூலியை.

ஒரு யோசனை. சர்வீஸ் சார்ஜை சதவீதமாக இல்லாமல் தலைக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒப்பந்தத்தில் நிறுத்திவிட்டால், சம்பளம் ஏறும்போதெல்லாம் அவர்கள் கமிஷனும் தானாக ஏறாது.

செயலாளர், பெரும்பாக்கம்: எங்களுக்கும் இதே மெயில் மாதிரிதான் வந்தது, ஒத்துக்கொண்டோம். ஆனால் தலைக்குப் பேசிய தொகையை விட பில் எப்போதும் அதிகமாகவே வருகிறது. கேட்டால் "26 நாள் கணக்கு சார்" என்கிறார்கள்.

உங்கள் ஒப்பந்தத்தில் ரிலீவர் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் அதற்கு இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள்.

மேலே சொன்ன 22,354 ரிலீவரையும் சேர்த்தது. அதாவது அந்த இடத்தில் மாதம் முழுவதும் ஆள் நிற்பதற்கான விலை. அதை மாதத்தின் நாட்களால், 30-ஆல் வகுத்தால் ஒரு டியூட்டிக்கு 745 ரூபாய். ரிலீவர் இல்லாத தொகை 19,160, அதை வார விடுப்பு போக ஒரு ஆள் வேலை பார்க்கும் 26 நாளால் வகுத்தால் 737. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தப்பு எங்கே என்றால், ரிலீவர் சேர்த்த 22,354-ஐ எடுத்து 26-ஆல் வகுப்பது. அப்போது ஒரு டியூட்டி 860 ஆகிவிடும்.

காவலர் நிற்கும் இடம், அதாவது பாயின்ட், எட்டு, ஷிஃப்ட் மூன்று என்றால் 30 நாள் மாதத்தில் 720 டியூட்டி. டியூட்டிக்கு 115 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வித்தியாசம் வைத்தாலும் மாதம் 82,500 தாண்டும், ஜி.எஸ்.டி தனி. நான் வேலை பார்த்த காலத்தில் இதைப் பலர் வேண்டுமென்று செய்யவில்லை. மார்க்கெட்டிங் ஆள் ஒரு முறையில் விலை கொடுப்பார், பில் போடும் பெண் வேறு முறையில் போடுவார். அதிகமாக வருகிற வரைக்கும் ஆபீஸில் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

குடியிருப்பாளர், மேடவாக்கம்: வீட்டுக்கு மாதம் 7,500-க்குக் கீழே பராமரிப்புக் கட்டணம் என்றால் ஜி.எஸ்.டி-யே கிடையாது. ஏஜென்சி பில்லில் 18 சதவீதம் போடுவதே சட்டவிரோதம்.

7,500 என்பது சரி, அது நிற்கிற இடம்தான் தப்பு. அந்த விலக்கு சங்கம் உறுப்பினர்களிடம் வசூலிக்கும் கட்டணத்துக்கு. ஏஜென்சி சங்கத்துக்குச் செய்யும் வேலைக்கு அது பொருந்தாது, பதிவு பெற்ற ஏஜென்சி 18 சதவீதம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சங்கமும் ஜி.எஸ்.டி பதிவு வைத்திருந்து, ஏஜென்சி கம்பெனியாக இல்லாமல் தனிநபர் நிறுவனமாக இருந்தால், 2019 ஜனவரி 1 முதல் செக்யூரிட்டி சேவைக்கு வரியை சங்கமே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். ஹவுஸ்கீப்பிங்குக்கு அப்படி இல்லை. இரண்டையும் ஒரே பில்லில் போட்டுத் தருகிறார்கள் என்றால் தனித்தனியாகக் கேளுங்கள்.

காவலர் ஒருவரின் மகள், நாவலூர்: எங்கள் அப்பா 12 மணி நேரம் நிற்கிறார், மாதம் 30 நாளும். கையில் வருவது 15,500. ஆனால் அந்த அப்பார்ட்மென்ட் ஏஜென்சிக்கு 24,000 கொடுப்பதாக அங்கே ஒருவர் சொன்னார். மீதி எங்கே போகிறது?

நியாயமான கேள்வி, குழுவில் யாரும் கேட்காதது. 24,000-இல் ஒரு பகுதி வரியும் பி.எஃப், ஈ.எஸ்.ஐ-யும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு வர வேண்டியது இதைவிட அதிகம்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் மணிக்கு இரட்டைக் கூலி. மேலே உள்ள 14,000-ஐயே எடுத்தால் ஒரு நாள் கூலி 538. கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு இரட்டை என்றால் அது இன்னொரு 538. அதாவது 12 மணி நேர டியூட்டி என்பது சட்டப்படி இரண்டு நாள் கூலி. சங்கங்களும் இதைக் கவனியுங்கள்: ஒரு பாயின்டில் இரண்டு பேரை 12 மணி நேரம் நிறுத்தினால் நான்கு பேர் சம்பளம், மூன்று பேரை எட்டு மணி நேரம் நிறுத்தினால் மூன்று பேர் சம்பளம். 12 மணி நேரம் மலிவாகத் தெரிகிறது என்றால், ஓவர்டைம் யாருக்கோ போகவில்லை என்று அர்த்தம்.

அப்பாவின் பி.எஃப் பாஸ்புக்கை உமங் செயலியில் திறந்து பாருங்கள். மாதாமாதம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வரும். பத்து நாள் வேலை மாதிரி காட்டியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். தொழிலாளர் துறையிலும் பி.எஃப் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

குடியிருப்பாளர், சிறுசேரி: எங்கள் சி பிளாக்கில் மூன்று நாளாகக் குப்பை எடுக்கவில்லை. நானும் மெயில் போட்டேன். யாரும் பதில் எழுதவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அம்மா, இங்கே பேசுவது ஏஜென்சி சங்கத்துக்கு எழுதிய மெயில். ஆனாலும் உங்கள் கேள்விக்கும் பணக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. அந்த மூன்று நாளும் உங்கள் பிளாக் ஆள் மஸ்டர் என்ற வருகைப் பட்டியலில் "வந்தார்" என்று இருக்கிறாரா, மேனேஜரைக் கேளுங்கள். கேட்டில் கையெழுத்துப் போடும் பதிவேடு, மஸ்டர், பில் இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்தால் வராத டியூட்டிக்குப் பணம் பிடிக்கலாம்.

இணைச் செயலாளர், கேளம்பாக்கம்: பி.எஃப் செலான் தராமல் பில்லுக்குப் பணம் தரக் கூடாது என்று எங்கள் கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. ஏப்ரல் பில்லை மே 5-ஆம் தேதியிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறோம். சரிதானே?

எண்ணம் சரி, தேதி தப்பு. ஏப்ரல் மாத பி.எஃப்-பும் ஈ.எஸ்.ஐ-யும் கட்டக் கடைசி நாள் மே 15. மே 5-இல் அந்த செலான் உலகத்திலேயே இருக்காது. ஏப்ரல் பில்லோடு மார்ச் செலானைக் கேளுங்கள்.

செலான் மட்டும் போதாது. மொத்தத் தொகைதான் அதில் இருக்கும், அது வேறு வளாகத்து ஆட்களுடையதாகவும் இருக்கலாம். பெயர் வாரியாக உள்ள ரிட்டர்னைக் கேட்டு, உங்கள் ஆட்களின் பெயர் இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு காட்டியிருக்கிறது, சம்பளமில்லாத நாட்கள் எத்தனை என்று பாருங்கள். ஏமாற்று பெரும்பாலும் சம்பளமில்லாத நாட்கள் என்ற அந்தப் பத்தியில்தான் இருக்கும்.

வழக்கறிஞர், அடையாறு: ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் சங்கமே தர வேண்டும் என்று பயமுறுத்துகிறீர்கள் போலிருக்கிறது. குடியிருப்போர் சங்கம் தொழில் நிறுவனமே இல்லையே?

நான் இன்னும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, சரி, எடுத்துவிட்டீர்கள். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கியவர் தர வேண்டும் என்பது ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. அது சங்கத்துக்குப் பொருந்துமா என்று நான் இரண்டு வக்கீல்களிடம் கேட்டு இரண்டு பதில் வாங்கியிருக்கிறேன், நீங்கள் மூன்றாவது ஆள். நடைமுறையில், இரண்டு மாத பில்லைப் பாக்கி வைத்துவிட்டு ஊழியருக்குச் சம்பளம் போகவில்லை என்றால் கேட்டில் வந்து நிற்பது ஏஜென்சி முதலாளி இல்லை, அந்த ஊழியர்தான்.

தலைவர், பள்ளிக்கரணை: எஸ்.டி.பி என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியை வருடம் ஒரு முறை ஹவுஸ்கீப்பிங் பையன்கள்தான் இறங்கிச் சுத்தம் செய்வார்கள். தனியாக 2,000 கொடுப்போம். இப்போது மாட்டேன் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் "முழு வளாகமும்" என்றுதானே இருக்கிறது?

மெயிலில் பேரமே இல்லாத ஒரு வரி இதுதான். 2013 சட்டப்படி பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடியில் தேங்கும் வாயு முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும், நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஆள் விழுந்திருப்பார். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் அப்படியே. இயந்திரம் வைத்து உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள். ஏஜென்சி இதை எழுதியதற்காக அவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை.

பொருளாளர், சோழிங்கநல்லூர்: சரி, கடைசியில் நான் என்ன பதில் எழுதட்டும்?

நாலு வரி போதும். பஞ்சப்படிக்கான 785 ஏப்ரல் 1 முதல் ஏற்கிறோம். மீதி உயர்வுக்குக் கணக்கு அனுப்புங்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பேசுவோம். பாக்கியில் ஒரு மாதம் இந்த வாரம், அடுத்தது பெயர் வாரியான பி.எஃப் ரிட்டர்ன் வந்ததும். தொட்டி விஷயம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முதல் மாதப் பாக்கியை இன்றே போட்டுவிட்டு மெயிலை அனுப்புங்கள், உங்கள் காவலர்களுக்கு இன்னும் மார்ச் சம்பளம் போயிருக்காது.