அந்தத் தங்கச்சி ஏன் உங்கள் வகுப்பில் இருக்கிறாள்?

*படுவான்கரையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி பதினொரு நாளுக்கு முன் அழுதுகொண்டு ஒரு விசயம் சொன்னாள். தகப்பன் இல்லை, தாய் குவைத்தில். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சின்னம்மாவும் சித்தப்பாவும் அவர்கள் வீட்டில் வந்து இருக்கிறார்கள். சித்தப்பா இரவில் தன் அறைக்கு வருவதாகச் சொல்கிறாள். "யாருக்கும் சொல்லாதீங்க மிஸ், சொன்னா நான் பள்ளிக்கூடமே வரமாட்டன்" என்று சத்தியம் வாங்கிவிட்டாள். கணவரிடம் மட்டும் சொன்னேன். வீண் வம்பில் மாட்டாதே என்கிறார். பிள்ளை கெட்டிக்காரி. இப்போதும் என் பின்னேர வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாள், மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. அது ஒரு மூலையில் இருந்து படம் கீறும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதா, மீறுவதா?*
*— ஓர் ஆசிரியை*

டீச்சர், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பத்தாம் ஆண்டுக் கணித வகுப்பில் என்ன வேலை?

பிள்ளை ஒழுங்காக வருகிறாள் என்பதற்கு அடையாளமாக அந்தத் தங்கச்சியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. பின்னேரம் சின்னப் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும் நேரம். அந்த நேரத்தில் அக்கா தங்கச்சியை இழுத்துக்கொண்டு வந்து, சமன்பாடு நடக்கும் அறையில் ஒரு மூலையில் இருத்துகிறாள். ஏன்? வீட்டில் விட்டுவிட்டு வரப் பயம். அவளுக்கு நடப்பது தங்கச்சிக்கும் நடந்துவிடும் என்று அவள் நினைக்கிறாள். அல்லது நடக்கத் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் பெரியவர்கள் பார்க்க வேண்டிய காவலைப் பதினைந்து வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது உங்கள் கண் முன்னால் நடக்கிறது. நீங்கள் அதைப் படிப்பில் உள்ள ஆர்வம் என்று எண்ணியிருக்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். பிள்ளை தன் விசயத்தை ரகசியமாக வைக்கச் சொன்னாள், சரி. தங்கச்சி உங்களிடம் அப்படி எதுவும் கேட்கவில்லையே. கேட்கும் வயதும் அவளுக்கு இல்லை. அக்காவின் ஆசைக்கு மதிப்புக் கொடுத்து நீங்கள் வாயை மூடினால் அதற்கான விலையில் பாதியைத் தங்கச்சி கொடுக்கிறாள். ஒருத்தியின் ரகசியத்தைக் காக்க இன்னொருத்தியைப் பலி கொடுக்கும் வாக்கை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. அக்காவே கேட்டாலும் முடியாது. தங்கச்சியே இல்லை என்று வைத்தாலும் என் பதில் மாறாது. பதினாறு வயது நிரம்பாத பிள்ளை இது. இந்த நாட்டுச் சட்டம் இந்த விசயத்தில் பிள்ளையின் சம்மதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் மட்டும் ஏன் அவளுடைய மௌனத்தைச் சம்மதமாக எடுக்கிறீர்கள்?

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். சத்தியத்தை ஏற்கனவே மீறிவிட்டீர்கள். கணவரிடம் சொன்னீர்களே. பிள்ளைக்கு எந்த உதவியும் செய்ய முடியாத ஓர் ஆளுக்கு விசயம் தெரிந்துவிட்டது. செய்யக்கூடியவர்களுக்கு மட்டும் இன்னும் தெரியாது. இதைத்தான் வாக்குக் காப்பாற்றுவது என்கிறீர்களா?

பிள்ளை யாருக்குப் பயப்படுகிறாள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? தான் பார்த்தேயிராத ஒரு உத்தியோகத்தருக்கு அவள் பயப்படவில்லை. சின்னம்மாவுக்குத் தெரிந்தால் அடி விழும். அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வருவார், கடன் நிற்கும். வகுப்பில் தெரிந்தால் முகம் காட்ட முடியாது. தங்கச்சியையும் தன்னையும் வேறு வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவள் சொல்லும் "யாருக்கும்" என்பதற்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களிடமிருந்து அவளைக் காப்பாற்ற முடியும். ஓய்வறையில் வாயைத் திறக்காதீர்கள். கணவரிடமும் இனி இந்தப் பேச்சு வேண்டாம். இப்படியான குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதே தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம் என்பதையும் அவளுக்குச் சொல்லலாம்.

நாளைக்கு முதல் வேலையாக அவளைத் தனியே கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "மகள், நான் அந்த வாக்கைத் தந்திருக்கக் கூடாது. உன்னையும் தங்கச்சியையும் இந்த நிலையில் விட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. இரண்டு பேருக்குச் சொல்லப்போகிறேன், யார் என்று உனக்கு முதலில் சொல்கிறேன்." அவள் அழுவாள். உங்களோடு கோபிப்பாள். கோபிக்கட்டும். சொல்வதா வேண்டாமா என்பதை அவளிடம் கேட்காதீர்கள், அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்க வேண்டாம். வேறு விசயங்களை அவளே தீர்மானிக்க விடுங்கள். பெண் உத்தியோகத்தர்தான் வேண்டுமா, கூட யார் இருக்க வேண்டும், எந்த இடத்தில் கதைப்பது, எல்லாம் அவள் விருப்பம். அவளுக்குத் தெரியாமல் ஒருநாள் வீட்டு வாசலில் பொலிஸ் வாகனம் வந்து நின்றால், அவள் இனி எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்கமாட்டாள்.

விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. எப்போது, எத்தனை தடவை, என்ன செய்தார் என்று தோண்டாதீர்கள். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டுவிட்டால் பிறகு வழக்கில், இதெல்லாம் ஆசிரியை சொல்லிக் கொடுத்தது என்று எதிர்த்தரப்பு வாதாடும். தங்கச்சியிடம் ஒன்றுமே கேட்க வேண்டாம். அக்கா அன்றைக்கு என்ன சொன்னாள் என்பதை அவளுடைய சொற்களிலேயே, திகதி, நேரம், இடம் போட்டு ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வையுங்கள். நீங்கள் கேட்டதையும் எழுதுங்கள். பதினொரு நாள் போய்விட்டதால் எழுதும் திகதியையும் போடுங்கள். ஒரே கதையைப் பிள்ளை ஐந்து பேரிடம் சொல்ல நேர்வதுதான் இந்த விசயங்களில் நடக்கும் பெரிய கொடுமை. சிறுவர்களின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் காட்டுவதற்கு 1999இலேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் பற்றி உத்தியோகத்தரிடம் நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

முதல் ஆள், உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். அவர் ஊரோடு உறவாக இருந்தாலோ, அலுவலகம் பூட்டியிருந்தாலோ 1929க்கு எடுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. காசு இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் கதைக்கலாம். இரண்டாவது ஆள் அதிபர். ஆனால் உத்தியோகத்தருக்குச் சொன்ன பிறகுதான் அதிபருக்கு. காரணம், நல்ல மனதோடு சில அதிபர்மார் செய்யும் ஒரு வேலை உண்டு. சின்னம்மாவைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு, "பேசித் தீர்ப்போம்" என்பார்கள். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர் ஒருவரும் வந்து உட்காருவார். வேலித் தகராறைப் பேசித் தீர்க்கலாம். இதைப் பேசித் தீர்க்க யாருக்கும் உரிமை இல்லை.

தாய்க்கும் உடனே சொல்லிவிடாதீர்கள். இதை எழுதும்போது எனக்கே வலிக்கிறது, பெற்றவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். ஆனால் நடப்பது என்ன? குவைத்தில் அழைப்பு வந்த மறுநிமிடம் அவள் தன் சொந்தத் தங்கைக்கு எடுத்துக் கத்துவாள். அன்று இரவே வீடு முழுக்கத் தெரியும். மறுநாள் பிள்ளைக்கு வயிற்றுவலி, பள்ளிக்கூடம் இல்லை. மூன்றாம் நாள் சின்னம்மா சிரித்த முகத்தோடு வந்து, "பிள்ளை டிவியைப் பார்த்துட்டு ஏதோ சொல்லிட்டாள் டீச்சர்" என்பாள். பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு, "பொய் சொன்னன் மிஸ்" என்பாள். அப்படி ஒரு காட்சி நடந்தால் அதை நம்பிவிடாதீர்கள், உத்தியோகத்தருக்கு அன்றே அறிவியுங்கள். பிள்ளைகள் அந்த ஆளின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போன பிறகு, உத்தியோகத்தர் பக்கத்தில் இருக்க, தாயோடு கதையுங்கள்.

பிறகு பொலிஸின் சிறுவர் பெண்கள் பிரிவு வரும். சட்ட வைத்திய அதிகாரியிடம் பரிசோதனை இருக்கும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டு நிலையைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். வழக்கு இழுபடும், வருடக் கணக்கிலும் இழுபடலாம். பிள்ளைக்கு இதை மறைக்காதீர்கள். எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று இன்னொரு பொய் வாக்கைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் பிடிவாதமாக நிற்க வேண்டும். முறைப்பாடு போனவுடன் பிள்ளைகளைத் தூக்கிச் சிறுவர் இல்லத்தில் போடுவதுதான் பலருக்குச் சுலபமான வழி. அது கடைசி வழியாக இருக்க வேண்டும். நம் மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும். அந்த வீடும் பெரும்பாலும் தாய்க்குச் சீதனமாக வந்ததாகத்தான் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். அப்படியென்றால் அந்த ஆள் அங்கே அண்டி வந்திருப்பவன். வெளியே போக வேண்டியவன் அவன், பிள்ளைகள் அல்ல. அவன் பிணையில் வந்தாலும் பிள்ளைகளை நெருங்கக் கூடாது என்று நிபந்தனை கேட்கும்படி பொலிஸிடம் சொல்லலாம். ஆனால் சின்னம்மா அதே வீட்டில் இருக்கும்வரை அங்கே பிள்ளைகளுக்கு நிம்மதி இல்லை. புருசனா அக்காவின் பிள்ளைகளா என்று வந்தால் அவள் யார் பக்கம் நிற்பாள் என்பதை நான் சொல்லவா வேண்டும்? அதனால் அம்மம்மாவோ, தாயின் அண்ணன் தம்பியோ, தகப்பன் வழி மாமியோ யார் இருக்கிறார்கள் என்று பிள்ளையிடமே கேளுங்கள். யாருடைய வீட்டில் பயமில்லாமல் நித்திரை கொள்வாய் என்று கேட்டால் அவள் பெயர் சொல்வாள். அந்தப் பெயரை நன்னடத்தை உத்தியோகத்தரிடம் முதல் நாளே கொடுங்கள். தகுதியான உறவினர் ஒருவரின் பொறுப்பில் பிள்ளைகளை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அக்காவையும் தங்கச்சியையும் பிரிக்கக் கூடாது என்பதையும் அந்த அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

தாயைப் பற்றி ஒன்று. பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள் என்று ஊர் பேசும். நான் பேசமாட்டேன். பட்டினியோடு இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அவள் ஏன் போனாள் என்று. ஆனால் இதைக் கேட்ட பிறகும், வீட்டுக்குக் கூரை போட்டு முடியட்டும், ஒப்பந்தம் முடியட்டும் என்று அவள் அங்கே நின்றால் அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. முதலாளி விடமாட்டேன் என்றால், இங்குள்ள உறவினர் ஒருவரை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு எடுக்கச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்திலும் அந்த வேலைக்கென்று ஓர் உத்தியோகத்தர் இருக்கிறார். தாயின் கடவுச்சீட்டுப் பிரதியும் அங்குள்ள வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கமும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். அவற்றை அம்மம்மாவிடம் கேட்டு வாங்குங்கள், சின்னம்மாவிடம் அல்ல.

இதழ் அச்சாகி வர நாள் பிடிக்கும் என்பதால் உங்களுக்குத் தனியே பதில் அனுப்பியாயிற்று. கடிதத்தில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு மூன்று விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். 1929க்கு எடுத்த பிறகு அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தை அந்தத் தாளிலேயே குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் யாரும் வரவில்லை என்றால் அந்த இலக்கத்தைச் சொல்லி மறுபடியும் எடுங்கள்.