மெழுகில் இல்லாதது உலோகத்தில் வராது: சிலை வார்ப்பு பற்றிச் சேலத்து நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

சுவாமிமலையில் தொழில் கற்று, இப்போது சேலத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். கோயில் சிலை வார்ப்பு பற்றி வந்த கேள்விகளில் நுணுக்கம் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஐயா, நகம், கொலுசு மணி, சடைமுடி எல்லாம் ஒரே ஊற்றில் எப்படி வருகிறது? அச்சுக்குள் யாரும் செதுக்க முடியாதே? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

அச்சுக்குள் செதுக்குவதில்லை அம்மா, மெழுகில் செதுக்குகிறோம். அதன் மேல் மண் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறோம். அந்த மெழுகை மண் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்வது முதல் பூச்சு. ஆற்று வண்டலை நைசாக அரைத்து, கருக்கிய நெல் உமியையும் சாணத்தையும் சேர்த்து, கூழாகக் கரைத்து மெழுகின் மேல் பூசுவோம். நகக்கண்ணிலும் மணிகளுக்கு இடையிலும் விரலால் மெல்லத் தடவி ஏற்ற வேண்டும். அங்கே ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டால், அந்த இடத்தில் உலோகம் உருண்டையாகத் துருத்திக்கொண்டு வரும்.

இந்தப் பூச்சு நிழலில்தான் காய வேண்டும், வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகிவிடும். அது காய்ந்த பிறகு வயல் களிமண்ணும் மணலும் கலந்த இரண்டாவது பூச்சு, அதன் மேல் பருமணல் கலந்த மூன்றாவது. பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பி சுற்றிக் கட்டுவோம். வெளிப்பூச்சுகள் பாரத்தைத் தாங்குவதற்கு. உலோகத்தைத் தொடுவது முதல் பூச்சு மட்டும்தான்.

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறோம். சுத்தமான தேன்மெழுகு நிறைய இருக்கிறது. வேறு எதுவும் சேர்க்காமல் அதிலேயே உருவம் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நுணுக்கம் நிற்காது. வெறும் தேன்மெழுகு கைச்சூட்டிலேயே குழையும். கத்தி வைத்தால் கோடு விழாமல் இழுத்துக்கொண்டு வரும். அதனால் குங்கிலியத்தைப் பொடித்து உருக்கிச் சேர்க்கிறோம். அது மெழுகை இறுக்கும். பிறகு கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டால் நொறுங்காமல் வளையும். மெழுகும் குங்கிலியமும் ஏறக்குறைய சம அளவில் தொடங்குங்கள். அதற்கு மேல் கைதான் சொல்லும். சித்திரை வெயிலில் சேலத்தில் குங்கிலியம் கொஞ்சம் கூட வேண்டும். உங்கள் மலைக் குளிரில் எண்ணெய் கூட வேண்டும். ஒரு துண்டை ஊதுவத்தி கனத்துக்குத் திரித்து வளைத்துப் பாருங்கள். ஒடிந்தால் எண்ணெய் போதவில்லை, தானாகத் தொங்கினால் குங்கிலியம் போதவில்லை.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். நாங்கள் மெழுகு மரம் கட்டி, பிளாஸ்டர் ஊற்றி, வாக்குவம் போட்டு இழுத்தால்தான் நுனி வரை வெள்ளி ஓடும். வாக்குவம் இல்லாமல் அந்தக் காலத்தில் நுணுக்கம் வந்திருக்கவே முடியாது. உளியால்தான் செய்திருப்பார்கள்.

காற்றுதான் எதிரி என்று நீங்கள் சொல்வது சரி. வாக்குவம் இல்லாமல் முடியாது என்பது சரியில்லை அண்ணா. உங்கள் உருப்படி சிறியது, அதில் உலோகத்தின் எடை தள்ளுவதற்குப் போதாது, அதனால் இழுக்க வேண்டியிருக்கிறது. சிலை அச்சை வாய் மேலே இருக்கும்படி மண்ணில் புதைத்து ஊற்றுகிறோம். மேலே நிற்கும் உலோகத்தின் கனமே கீழே உள்ளதை இண்டு இடுக்கில் அழுத்தும். இன்னொன்று, முதல் பூச்சில் சேர்த்த உமிக்கரியும் சாணமும் சூட்டில் எரிந்து கண்ணுக்குத் தெரியாத துளைகளை விடும். அதன் வழியாகவும் காற்று போகும். எல்லாவற்றையும் விட முக்கியம் அச்சின் சூடு. மெழுகை வடித்ததும் அச்சை ஆறவிடாமல் விராட்டி மூட்டத்தில் இன்னும் சுட்டு, உள்ளே சிவந்திருக்கும்போதே ஊற்றுகிறோம். சூடான சுவரில் உலோகம் உடனே உறையாது.

ஐயா, கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் எனும் மேக்னசைட் சுரங்கத்தில் வேலை பார்த்தவன் நான். எஃகு உலைக்கே அதில்தான் செங்கல் போடுகிறார்கள். அதை அரைத்து அச்சுக்குப் பூசினால் நம்மூர் மண்ணிலேயே சிலை வார்க்கலாமே?

உலைக்குப் போவது நன்றாகச் சுட்ட வெள்ளைக்கல். சுடாத கல்லை அரைத்துப் பூசினால், அச்சைச் சுடும்போதே அது கரியமில வாயுவை விட்டுச் சுருங்கும், பூச்சு வெடிக்கும். சுட்டதை அரைத்தால் வெடிப்புக் குறையும், ஆனால் களிமண் போலத் தானாக ஒட்டி நிற்காது. நமக்கு அவ்வளவு வெப்பம் தாங்கும் மண் தேவையும் இல்லை. வெண்கலம் ஊற்றுவது 1,100 டிகிரி வாக்கில். நல்ல வண்டல் அதைத் தாங்கும். மேட்டூருக்குக் கீழே காவிரிக்கரையில் வண்டல் கிடைத்தால் சிறு உருண்டை பிடித்து நிழலில் காயவைத்து, நெருப்பில் போட்டு எடுங்கள். வெடிக்காமல், விரல் ரேகை அதில் அப்படியே இருந்தால் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அண்ணா, இது என் முதல் வார்ப்பு. 1 அடி அம்மன். வாயோடு சேர்த்து மெழுகு 700 கிராம். 7 கிலோ உலோகம் ஊற்றினேன். வாய் நிறைந்தது. ஆனாலும் வலது கையில் மூன்று விரல் நுனி வரவில்லை. உலோகம் குறைந்துவிட்டதா? (ஆத்தூர்)

குறையவில்லை தம்பி. வெண்கலம் மெழுகைப் போல ஏறக்குறைய 9 மடங்கு எடை. 700 கிராமுக்கு 6 கிலோ 300 கிராம் போதும். வாயும் நிறைந்திருக்கிறது. அதனால் விரல் நுனியை உற்றுப் பாருங்கள். வழவழப்பாக உருண்டு முடிந்திருந்தால், காற்று வழியின்றி அங்கே தேங்கியிருக்கிறது, அல்லது அச்சு ஆறிப்போய் உலோகம் பாதியிலேயே உறைந்திருக்கிறது. சொரசொரப்பாக மண் ஏறியிருந்தால் முதல் பூச்சு உள்ளே உதிர்ந்திருக்கிறது. ஊசிக்குத்துப் போலத் துளைகள் இருந்தால் மெழுகோ ஈரமோ மிச்சம் இருந்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் நுனி உருண்டுதான் தெரிகிறது. இடது கையும் அதே உயரத்தில் இருந்தும் முழுதாக வந்திருக்கிறது. அச்சு ஆறியிருந்தால் இரண்டிலும் தெரிந்திருக்கும். அதனால் காற்று என்றே நினைக்கிறேன். அடுத்த முறை ஒவ்வொரு விரல் நுனியிலும் மெல்லிய மெழுகுத் திரி ஒட்டி, அதை மேலே அச்சின் வாய்ப்பக்கம் கொண்டுபோய் விடுங்கள். மெழுகு போனதும் அது காற்று போகும் வழி. வார்த்த பிறகு வெட்டி எடுத்துவிடலாம். ஊற்றும்போது மெல்லிய தாரை, நடுவில் நிறுத்தவே கூடாது. வாயில் புகையும் சுடரும் முழுக்க அடங்கிய பிறகுதான் உலோகம் உருக்கிய மூசையைத் தூக்க வேண்டும்.

எங்கள் குலதெய்வச் சிலைக்கு என் தாலிச்சங்கிலியில் இருந்து ஒரு குண்டுமணி தங்கம் கொடுத்தேன். அதனால்தான் முகம் இவ்வளவு தெளிவாக வந்தது என்கிறார்கள். உண்மைதானா?

அது உங்கள் வேண்டுதல் அம்மா, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முகத் தெளிவு மட்டும் மெழுகு செய்தவரின் கை. அவ்வளவு தங்கம் உலோகத்தின் ஓட்டத்தை மாற்றாது. வெறும் செம்பு திக்காக ஓடும், காற்றையும் உறிஞ்சும். பித்தளையும் கொஞ்சம் ஈயமும் சேர்ந்தால்தான் இளகி ஓடும்.

நான் தம்மம்பட்டி மரச்சிற்பி. இன்றைக்கு வரும் சிலைகளில் உளி வேலைதான் அதிகம் தெரிகிறது. சோழர் சிலையில் உளியே படவில்லை என்று சொல்வதை நான் நம்பவில்லை.

முதல் பாதி உண்மை. இப்போது பல பட்டறைகளில் மெழுகில் உருவத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஆபரணத்தை வார்த்த பிறகு உளியால் வெட்டுகிறார்கள். மெழுகில் வெட்டிய கோட்டின் கரை மெல்ல உருண்டு இருக்கும், உலோகத்தில் வெட்டியது கூர்மையாகப் பளிச்சிடும். தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனர், 1011-ஆம் ஆண்டு வாக்கில் செய்தது. அதில் தலைப்பாகை போலச் சுற்றிய சடையின் மடிப்புகளைப் பாருங்கள். உள்ளே புகுந்து வளையும் அந்தப் பள்ளங்களுக்குள் உளி போய்த் திரும்ப இடமில்லை, அது மெழுகிலேயே முடிந்த வேலை என்பது என் எண்ணம். ஆனால் ஆபரணக் கோடுகளைப் பற்றி நீங்கள் சந்தேகப்படுவதை மறுக்க மாட்டேன். நூற்றாண்டுகளாக அபிஷேகமும் துடைப்பும் பட்ட சிலையில் உளியின் கூர்மையும் தேய்ந்து மெழுகுக் கோடு போலவே ஆகிவிடும். புதைந்து கிடந்து, பூசை காணாமல் வெளிவந்த சிலைகளில்தான் இதைத் தேட வேண்டும். அப்படி ஒன்றைப் பார்த்தால் காது மடலின் பின்பக்கத்தையும் முதுகுப் பக்க ஆடைக் கோடுகளையும் முதலில் பாருங்கள்.